1917 அக்டோபர் 13, சனிக்கிழமை, ரெமி சைடிங்

மழை விடவில்லை. ஜூலை 31-ல் தொடங்கிய தாக்குதல் இன்னும் இழுத்துக்கொண்டே போகிறது. நேற்று விடியலில் மறுபடியும் பாஷன்டேல் மேட்டை நோக்கி அனுப்பியிருக்கிறார்கள். நியூசிலாந்துப் பையன்கள் அறுபடாத முள்கம்பியில் மாட்டிக்கொண்டார்களாம். அப்போது அடிபட்டவர்கள் இன்றுதான் இங்கே வருகிறார்கள். அந்தச் சேற்றில் ஒரு ஸ்ட்ரெச்சருக்கு ஆறு பேர், எட்டுப் பேர் கூடத் தோள் கொடுக்க வேண்டியிருக்கிறது. வருகிறவன் உடம்பில் ரத்தம் எங்கே, சேறு எங்கே என்று கத்தரிக்கோலால் துணியை வெட்டிய பிறகுதான் தெரிகிறது.

காயத்தைவிடக் குளிர்தான் இவர்களைக் கொண்டுபோகிறது. இன்று எனக்கு ஷாக் கூடாரம். நாடி கைக்கு அகப்படாதவர்களையெல்லாம் இங்கே தள்ளிவிடுகிறார்கள். ஸ்ட்ரெச்சரைக் கட்டையில் ஏற்றி, கம்பளியைத் தரைவரை தொங்கவிட்டு, அடியில் பிரைமஸ் ஸ்டவ்வைப் பற்றவைக்கிறோம். உடம்பு சூடேறி, உதட்டில் கொஞ்சம் நிறம் வந்தால் ஆபரேஷன் கூடாரத்துக்கு. வராவிட்டால் அடுத்த கூடாரத்துக்கு. அதன் பெயரை இங்கே யாரும் சத்தமாகச் சொல்வதில்லை. பிழைக்கமாட்டார்கள் என்று அங்கே அனுப்பிய இருவர் நள்ளிரவில் டீ கேட்டார்களாம். இரண்டு பேரையும் திரும்ப வாங்கிக்கொண்டேன். டாக்டர் முறைத்தார், ஒன்றும் சொல்லவில்லை.

தொடை எலும்பு முறிந்த ஒருவனை முன்னணியிலேயே தாமஸ் ஸ்பிளின்ட் கட்டி அனுப்பியிருந்தார்கள். அவ்வளவு தூரம் குலுங்கி வந்தும் நாடி நன்றாக இருந்தது. அந்த இரும்புச் சட்டத்தைக் கண்டுபிடித்தவரைக் கும்பிட வேண்டும். அவன் மணிக்கட்டில் ஊசி போட்டதற்கான 'டி' எழுத்து மழையில் பாதி அழிந்திருந்தது. காய விவரம் எழுதிக் கட்டிய அட்டையும் ஊறிக் கூழாகிவிட்டது. "டெட்டனஸ் ஊசி போட்டார்களா?" என்றேன். "எத்தனையோ குத்தினார்கள் சிஸ்டர், அதில் அதுவும் ஒன்றாக இருக்கும்" என்றான். அந்த அட்டையை வைக்க இனி மெழுகுத்தாள் உறையாவது கொடுக்கலாம். மேலிடத்தில் யாருக்கும் இது தோன்றுவதில்லை.

மாலையில் ஒருவனைக் கால் காயம் என்று உள்ளே எடுத்தோம். அவன் கோட்டில் மஸ்டர்ட் வாயு இருந்தது எங்களுக்குத் தெரியாது. கூடாரத்துச் சூட்டில் அது ஆவியாகி, ஓரிரு மணி நேரத்துக்குள் நானும் ஆர்டர்லியும் கண்ணைக் கசக்கிக்கொண்டு நின்றோம். கோட்டை வெளியே எறிந்து, சோடா பைகார்பனேட் தண்ணீரில் கண் கழுவினோம். எரிச்சல் இன்னும் போகவில்லை, இந்த வரிகள் கோணலாகப் போவது அதனால்தான். இனி துணியெல்லாம் வெளியிலேயே கழற்றியாக வேண்டும், மழை பெய்தாலும் சரி.

பக்கத்துக் கனடாக்காரர்கள் ரத்தம் ஏற்றிப் பார்க்கிறார்கள். இங்கே உப்பு நீர்தான். கொஞ்ச நேரம் தாங்கும், அப்புறம் நாடி மறுபடி இறங்கிவிடுகிறது. நாளை அவர்களிடம் ஆள் அனுப்பிக் கேட்க வேண்டும்.

ஆம்புலன்ஸ் ரயில் இன்னும் வரவில்லை. போக வேண்டியவர்கள் நடைபாதைப் பலகைமேல்கூடப் படுத்திருக்கிறார்கள். ஸ்டவ்வுக்கு மண்ணெண்ணெய் விடியும்வரைதான் வரும். ஆர்டர்லியை ஸ்டோருக்கு அனுப்பியிருக்கிறேன். கையெழுத்தில்லாமல் தரமாட்டேன் என்று திருப்பி அனுப்பினால் நானே போகிறேன்.