டைனோசர் பிறந்தநாள் அழைப்பிதழுக்குப் பின்னணிப் படம்

என் மகனுக்கு 5 வயது நிறைகிறது. பெசன்ட் நகர் மொட்டை மாடியில் சாயங்கால விழா. அதற்கான அழைப்பிதழின் பின்னணிப் படம் மட்டும் வேண்டும். நிமிர்ந்த வாக்கில், 1500 × 2100 பிக்சல். வாட்ஸ்அப்பில் அனுப்புவோம், தாத்தா பாட்டிகளுக்கு 5 × 7 அங்குல அட்டையில் அச்சும் போடுவோம்.

இடம் மெரினா மணல். வலது ஓரத்தில் நீண்ட கழுத்து டைனோசர் ஒன்று, கால் கீழ் விளிம்பிலும் தலை மேல் விளிம்புக்குச் சற்றுக் கீழேயுமாக நிற்கிறது. அரியலூர்ப் பக்கம் எலும்பு கிடைத்த புருகத்காயோசாரஸ் என்று பையனிடம் சொல்லி வைத்திருக்கிறேன், அதனால் கழுத்தைச் சுருக்க வேண்டாம். அதன் வாயில் மாவிலைத் தோரணத்தின் ஒரு முனை. மறுமுனை இடது ஓரத்தில், சிவப்பு வெள்ளைப் பட்டை போட்ட கலங்கரை விளக்கத்தில் கட்டியிருக்கிறது. தோரணம் நடுவில் லேசாகத் தொய்யட்டும்.

தோரணத்துக்குக் கீழே, படத்தின் நடுப்பகுதி முழுக்க வெற்றிடம். உயரத்தில் பாதிக்கு மேல், அகலத்தில் முக்கால் பங்கு. நிறம் #FFF6DF, அரிசிக் கஞ்சி மாதிரி வெளிர் மஞ்சள். மேகம், பறவை, நிழல் எதுவும் அதற்குள் வரக்கூடாது. பெயர், தேதி, நேரம், முகவரி, போன் நம்பர் எல்லாவற்றையும் அடர் பழுப்பு எழுத்தில் நானே அங்கே போட்டுக்கொள்வேன்.

கீழ்ப் பகுதியில் குட்டிகள் மூன்று. முக்கொம்பன் டிரைசெரடாப்ஸின் கொம்புக்கு ஒன்றாக மூன்று பலூன். ஸ்டெகோசாரஸின் முதுகுத் தகடுகள் வெளிர் நீலமும் மாம்பழ மஞ்சளுமாக மாறி மாறி. டி-ரெக்ஸ் தன் குட்டிக் கையின் இரண்டே விரலால் தேங்காய் மாங்காய் பட்டாணி சுண்டல் பொட்டலத்தைப் பிடித்திருக்கிறது. இரண்டு பட்டாணி மணலில் சிந்திக் கிடக்கின்றன, அதைத்தான் குனிந்து பார்க்கிறது. வாய் மூடிய சிரிப்பு, பல் தெரியவே கூடாது. போன வருஷம் கேக் மேலிருந்த பல்லைப் பார்த்துவிட்டுப் பையன் மேஜைக்கு அடியில் போய் உட்கார்ந்துகொண்டான்.

புத்தகப் படம் போல மென்மையான வாட்டர்கலர், உருண்ட வடிவங்கள், பெரிய கறுப்புக் கண்கள். கிளிப்பச்சை, மாம்பழ மஞ்சள், கடல் நீலம், கொய்யாப்பழ உள்சதையின் இளஞ்சிவப்பு, இவை போதும். கறுப்புக் கோடு வேண்டாம், கண்ணைக் குத்தும் நியான் நிறமும் வேண்டாம். பின்னால் கடல் ஒரு மெல்லிய பட்டையாகத் தெரிந்தால் போதும். சூரியன் அதில் இறங்கக் கூடாது. நமக்குக் கடல் கிழக்கே, சாயங்கால வெயில் பார்ப்பவரின் முதுகுப் பக்கமிருந்து வர வேண்டும்.

எரிமலை, ரத்தம், சண்டை வேண்டாம். எந்த மொழியிலும் எழுத்து வேண்டாம், பலூனில் எண்கூட வேண்டாம். அச்சுக்கடையில் ஓரம் வெட்டுவார்கள், ஆகவே முகம், வால் நுனி, சுண்டல் பொட்டலம் எல்லாம் நான்கு விளிம்பிலிருந்தும் 100 பிக்சல் உள்ளே இருக்கட்டும்.