இயந்திரப் பிரிவு விரிவாக்கக் கடன்: ஜூலை–செப்டம்பர் காலாண்டு நிலவரமும் இரண்டு ஒப்புதல்களுக்கான வேண்டுகோளும்

மதிப்பிற்குரிய அம்மையீர்,

வணக்கம். துல்லிய உதிரிபாகங்கள் செய்யும் எங்கள் நிறுவனத்துக்குத் தாங்கள் வழங்கிய விரிவாக்கக் கடனின் காலாண்டு நிலவரத்தை இம்மடலில் தெரிவிக்கிறேன். முதலிலேயே சாரத்தைச் சொல்லிவிடுகிறேன். புதிய இயந்திரம் எதிர்பார்த்தபடி உற்பத்தி தருகிறது. கொள்முதல் ஆணைகள் போதுமான அளவில் உள்ளன. வட்டி ஒவ்வொரு மாதமும் உரிய நாளில் செலுத்தப்பட்டுள்ளது. ஆனால் விற்பனை கூடிய அதே காலத்தில் எங்கள் மிகப் பெரிய வாடிக்கையாளர் பணம் செலுத்தும் கெடுவை நீட்டியதால், கையிருப்புப் பணம் திட்டமிட்டதைவிடக் குறைவாக இருக்கிறது. ஆகவே கூடுதல் கடன் எதுவும் கேட்காமல், அசல் தவணைகள் தொடங்குவதை மூன்று மாதங்கள் தள்ளிவைக்கவும், இரண்டாம் கட்டத் தொகையில் ஒரு சிறு பகுதியை மட்டும் இப்போது விடுவிக்கவும் தங்கள் ஒப்புதலை வேண்டுகிறோம். இவ்விரண்டுக்குமான முடிவு அக்டோபர் 20ஆம் தேதிக்குள் கிடைத்தால், மாத இறுதியில் வரும் முதல் அசல் தவணைக்கு முன் உரிய ஏற்பாடுகளைச் செய்துகொள்ள இயலும்.

கடனின் முதல் கட்டமாகப் பெற்ற 60 சதவீதத் தொகையில் வாங்கிய சி.என்.சி. இயந்திரம் ஜூலை முதல் வாரத்தில் நிறுவப்பட்டது. ஆகஸ்ட் முதல் இரண்டு ஷிப்டுகளில் இயங்குகிறது. ஜூலையில் அதன் முழுத் திறனில் 45 சதவீதமாக இருந்த பயன்பாடு செப்டம்பரில் 70 சதவீதத்தை எட்டியுள்ளது. எங்கள் கணக்கின்படி 58 சதவீதப் பயன்பாட்டிலேயே இந்த இயந்திரத்துக்கான நிலையான செலவுகள் முழுவதும் ஈடாகிவிடுகின்றன என்பதால், செப்டம்பர் மாதத்தில் அது உறுதியாக லாபப் பக்கத்தில் நின்றது. தொடக்கத்தில் 6 சதவீதமாக இருந்த கழிவு விகிதம் 2.5 சதவீதத்துக்கு இறங்கியிருக்கிறது. வெட்டுக் கருவிகள் முற்றிலும் தேய்வதற்கு முன்பே, குறிப்பிட்ட எண்ணிக்கையிலான பாகங்கள் முடிந்ததும் மாற்றிவிடும் முறையை மேற்பார்வையாளர்கள் கடைப்பிடித்ததே இதற்குப் பெரும் காரணம். நிறுவனத்தின் மொத்த விற்பனை முந்தைய காலாண்டைவிட 32 சதவீதம் உயர்ந்துள்ளது.

புதிய இயந்திரத்தில் செய்யப்படும் பாகங்களுக்கு மூன்று வாடிக்கையாளர்களின் மாதிரி ஒப்புதல் தேவை. இருவர் ஒப்புதல் அளித்துவிட்டார்கள். மாதிரிகளில் ஒவ்வோர் அளவும் வரைபடத்தில் குறித்த வரம்புக்குள் இருந்தால் மட்டும் போதாது. உற்பத்தி தொடர்ந்து அப்படியே நிற்கும் என்பதையும் காட்ட வேண்டும். அதற்காக அவர்கள் கேட்கும் செயல்முறைத் திறன் குறியீடு குறைந்தது 1.33. அதாவது, அளவுகளின் சராசரிக்கும் அதற்கு நெருங்கிய வரம்புக்கும் இடையே திட்டவிலக்கத்தைப் போல் நான்கு மடங்கு இடைவெளியாவது இருக்க வேண்டும். முக்கியமான அளவுகள் அனைத்திலும் இந்த எல்லையைத் தாண்டியிருக்கிறோம். எங்கள் பணியாளர்களின் உழைப்புக்குக் கிடைத்த பெரிய அங்கீகாரமாக இதை மதிக்கிறேன்.

இனிச் சிக்கல்களுக்கு வருகிறேன். அவற்றுள் பணவரத்துச் சிக்கலே முதன்மையானது; மற்றவை அதனோடு ஒப்பிடச் சிறியவை.

எங்கள் விற்பனையில் பாதியை வாங்கும் வாடிக்கையாளர், ஆகஸ்ட் முதல் தமது சப்ளையர்கள் அனைவருக்கும் பணம் செலுத்தும் கெடுவை 60 நாட்களிலிருந்து 90 நாட்களாக நீட்டிவிட்டார். இதனால் எங்கள் வரவேண்டிய தொகையின் சராசரிக் காலம் 60 நாட்களிலிருந்து 75 நாட்களாகிறது. வார்ப்புகளும் பிற மூலப்பொருட்களும் வந்த நாளிலிருந்து பாகங்களாகி வெளியே செல்லும் வரை சராசரியாக 25 நாட்கள் ஆகின்றன. மூலப்பொருள் தருபவர்களுக்கு நாங்கள் 30 நாட்களில் பணம் தருகிறோம். ஆக, எங்கள் பணம் வெளியே சென்று திரும்பி வருவதற்கான இடைவெளி 55 நாட்களிலிருந்து 70 நாட்களாக விரிந்துவிட்டது. இடைவெளி மட்டும் நீண்டிருந்தால் ஓரளவு சமாளித்திருக்கலாம். விற்பனையும் 32 சதவீதம் உயர்ந்திருப்பதால் இரண்டும் ஒன்றையொன்று பெருக்குகின்றன. புதிய கெடு எல்லா பில்களுக்கும் முழுமையாக நடைமுறைக்கு வரும்போது, நடைமுறை மூலதனமாக முடங்கும் தொகை முன்பிருந்ததைவிட ஏறத்தாழ 68 சதவீதம் அதிகமாக இருக்கும். லாபக் கணக்கு நன்றாக இருந்தும் வங்கிக் கணக்கு இறுக்கமாக இருப்பதன் காரணம் இதுதான். இணைத்துள்ள அறிக்கைகளில் இவ்விரண்டையும் ஒருசேரப் பார்க்கையில் தங்களுக்கு ஐயம் எழக்கூடும் என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன். வரவேண்டிய தொகையில் கெடு கடந்து நிற்பது எதுவும் இல்லை. அந்த வாடிக்கையாளர் புதிய கெடுவின்படி ஒழுங்காகச் செலுத்துகிறார். பணம் வராது என்ற அச்சத்துக்கு இடமில்லை, தாமதமாக வருகிறது என்பதே பிரச்சினை.

இடைவெளியைக் குறைக்க இரண்டு வழிகளில் முயன்று வருகிறோம். வார்ப்புகள் தருபவர் டிசம்பர் முதல் எங்களுக்கு 45 நாள் கெடு தர எழுத்துமூலம் ஒப்புக்கொண்டிருக்கிறார். எங்கள் கொள்முதலில் வார்ப்புகளின் பங்கு 60 சதவீதம் என்பதால், அது முழுமையாக நடைமுறைக்கு வந்தபின் 70 நாள் இடைவெளி 61 நாட்களாகக் குறையும். இரண்டாவதாக, 90 நாட்களுக்குப் பதிலாக 45 நாட்களில் பணம் செலுத்தினால் பில் தொகையில் 1.5 சதவீதம் தள்ளுபடி தருவதாகப் பெரிய வாடிக்கையாளரிடம் முன்வைத்துள்ளோம். இது ஆண்டுக்கு ஏறத்தாழ 12 சதவீத வட்டிக்கு ஈடான செலவு என்பதை அறிந்தே இதைச் செய்தோம். அவருடைய பதில் இன்னும் வரவில்லை என்பதால் கீழே தரும் மதிப்பீடுகளில் இதைச் சேர்க்கவில்லை.

ஆகஸ்ட் இறுதியில் புதிய இயந்திரத்தின் சுழல்தண்டுத் தாங்கியில் அதிர்வு கூடியதால் உற்பத்தி ஒரு வாரத்துக்கு மேல் நின்றது. உத்தரவாதக் காலத்துக்குள் இருந்ததால் இயந்திரம் விற்றவர்கள் தாங்கியைச் செலவின்றி மாற்றித் தந்தார்கள். ஒரு வாடிக்கையாளருக்கு ஒரு தொகுதி தாமதமானது. முன்கூட்டியே தெரிவித்திருந்ததால் அவர் அபராதம் விதிக்கவில்லை. இப்போது வாரந்தோறும் அதிர்வு அளவு பதிவு செய்யப்படுகிறது.

மூன்றாவது வாடிக்கையாளரின் மாதிரி ஒப்புதல் நிலுவையில் இருப்பதற்கு உற்பத்தித் தரம் காரணமன்று. அளவுச் சான்றுதான் காரணம். முப்பரிமாண அளவீட்டு இயந்திரத்தில் எடுத்த அறிக்கையை ஒவ்வொரு தொகுதிக்கும் அவர்கள் கேட்கிறார்கள். எங்களிடம் அந்த இயந்திரம் இல்லாததால் வெளி ஆய்வகத்துக்கு அனுப்புகிறோம். அங்கே எங்கள் முறை வருவதற்குக் காத்திருக்க வேண்டியிருக்கிறது. இந்த ஒப்புதல் கிடைத்தால் இயந்திரப் பயன்பாடு மேலும் 15 சதவீதப் புள்ளிகள் உயர்ந்து 85 சதவீதத்தை எட்டும். இந்த வாடிக்கையாளர் 45 நாட்களில் பணம் செலுத்துபவர் என்பதால், விற்பனை கூடுவதோடு சராசரி வசூல் காலமும் குறையும்.

இவற்றின் அடிப்படையில் எங்கள் முதல் வேண்டுகோள், அக்டோபர் மாத இறுதியில் தொடங்க வேண்டிய அசல் தவணைகளை ஜனவரி இறுதியிலிருந்து தொடங்க அனுமதிக்க வேண்டும் என்பது. தள்ளிப்போகும் மூன்று தவணைகளும் கடன் காலத்தின் இறுதியில் சேரட்டும். வட்டியை இடைவெளியின்றி ஒவ்வொரு மாதமும் செலுத்துவோம். அசல் குறையாத மாதங்களுக்குரிய கூடுதல் வட்டிச் சுமையும் எங்களுடையதே. நடைமுறை மூலதன உயர்வைக் கழித்துக் கணக்கிட்டால், ஒப்பந்தப்படி அக்டோபரில் அசல் தொடங்கும் நிலையில் கடன் செலுத்தும் திறன் விகிதம் அக்டோபர்–டிசம்பர் காலாண்டில் 1.08 ஆக இருக்கும். ஒப்பந்தம் கோரும் குறைந்த அளவு 1.25. அசல் ஜனவரியில் தொடங்கினால், ஜனவரி–மார்ச் காலாண்டில் இவ்விகிதம் 1.37 ஆக இருக்கும் என்பது எங்கள் மதிப்பீடு. வரம்பு மீறப்பட்ட பின் விளக்கம் தருவதைவிட, மீறக்கூடும் என்று தெரிந்த உடனேயே தங்கள் முன் வைப்பதே முறை என்று கருதுகிறேன்.

இரண்டாவது வேண்டுகோள், இன்னும் பெறப்படாத 40 சதவீதத்தைப் பற்றியது. அதில் 30 சதவீதம் இரண்டாவது சி.என்.சி. இயந்திரத்துக்கும், 10 சதவீதம் அளவீட்டு இயந்திரத்துக்கும் ஒதுக்கப்பட்டவை. ஒப்பந்தத்தில் இரண்டும் ஒன்றாக விடுவிக்கப்பட வேண்டும் என்று உள்ளது. அந்த 10 சதவீதத்தை மட்டும் இப்போது விடுவிக்குமாறு கேட்டுக்கொள்கிறோம். முதல் இயந்திரம் 70 சதவீதத்தில் இயங்கும்போது இரண்டாவதை வாங்குவது வட்டிச் சுமையையும் மூலப்பொருள் தேவையையும் கூட்டும். அதற்கேற்ற வருவாய் உடனே வராது. விரைவாக வளர வேண்டும் என்ற ஆர்வம் எங்கள் பணியாளர்களிடையே இருக்கிறது, எனக்கும் உண்டு. ஆயினும் முதல் இயந்திரம் தொடர்ந்து இரண்டு காலாண்டுகள் 80 சதவீதத்துக்கு மேல் இயங்கிய பிறகே இரண்டாவதைப் பற்றித் தங்களிடம் பேச வருவது என்று இயக்குநர் குழு முடிவு செய்துள்ளது.

இச்சலுகைகளுக்கு ஈடாகச் சில உறுதிகளை அளிக்கிறோம். அசல் தள்ளிவைக்கப்படும் காலத்தில் பங்காதாயம் அறிவிக்கப்படாது. இயக்குநர்களின் ஊதியம் உயர்த்தப்படாது. பெரிய வாடிக்கையாளரிடமிருந்து வரும் தொகை முழுவதும் தங்கள் நிறுவனத்தில் உள்ள எங்கள் கணக்கிலேயே வரவு வைக்கப்படும். அதற்கான அவரது சம்மதக் கடிதம் பெறப்பட்டுவிட்டது. காலாண்டுக்கு ஒருமுறை அனுப்பும் அறிக்கையை ஜனவரி வரை மாதந்தோறும் 10ஆம் தேதிக்குள் அனுப்புவோம்.

தாங்கள் முதல் வேண்டுகோளை ஏற்க இயலாது என்றாலும் அக்டோபர் தவணையைச் செலுத்துவோம். ஆனால் அதற்காக நவம்பர் மாத வார்ப்புக் கொள்முதலை ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு குறைக்க வேண்டியிருக்கும். அதனால் டிசம்பர் விற்பனை குறைந்து, அடுத்தடுத்த தவணைகளைச் செலுத்தும் திறனும் தளரும். தங்கள் முடிவுக்கு இது பயன்படும் என்பதால் குறிப்பிடுகிறேன்.

மாதவாரி வரவு செலவு அறிக்கை, வரவேண்டிய தொகையின் கால வாரியான பட்டியல், நிலுவையிலுள்ள கொள்முதல் ஆணைகள், வார்ப்பு தருபவரின் கடிதம், அளவீட்டு இயந்திரத்துக்கான விலைப்புள்ளி, அடுத்த ஆறு மாதப் பணவரத்து மதிப்பீடு ஆகியவற்றை இணைத்துள்ளேன். மதிப்பீட்டில் ஏதேனும் அனுமானம் தங்களுக்கு மிகையாகத் தோன்றினால், அதைக் குறைத்துக் கணக்கிட்ட மாற்று வடிவத்தை இரண்டு வேலை நாட்களில் அனுப்பிவைப்போம். அக்டோபர் இரண்டாம் வாரத்தில் தங்களுக்கு வசதியான ஒரு நாளில் தாங்களோ தங்கள் கடன் பிரிவு அலுவலரோ தொழிற்கூடத்துக்கு நேரில் வந்தால், இயந்திரம் இயங்குவதையும் கணக்குப் புத்தகங்களையும் பார்வையிடலாம். எங்கள் கணக்கு மேலாளர் அன்று முழுவதும் உடனிருப்பார்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
நிர்வாக இயக்குநர்