நான் சிபாரிசு செய்த சேமிப்பு சேனல்: நாற்பது எபிசோடுக்குப் பிறகு

தோழிகளே, தீபாவளிக்கு முன்னால் யூடியூபில் வரும் அந்தச் சேமிப்பு சேனலின் லிங்க்கை அனுப்பி, "கண்ணை மூடிக்கொண்டு பாருங்கள்" என்று சொன்னவள் நான். அப்போது நான் பார்த்திருந்தது ஐந்து எபிசோடுதான். இப்போது நாற்பது பார்த்துவிட்டேன். அன்று சொன்னதில் பாதியைத் திரும்ப வாங்கிக்கொள்ள வேண்டியிருக்கிறது.

முதலில் நல்லது. கணக்கு சொல்லிக்கொடுப்பதில் அந்தச் சேனலை நடத்துபவரை மிஞ்ச ஆள் இல்லை. ஃப்ளாட் வட்டி பற்றிய எபிசோடை எல்லோரும் பார்த்தே ஆக வேண்டும். ஒரு லட்சம் கடன், 12 சதவீதம், இரண்டு வருஷம். வட்டி 24,000, மாதத் தவணை 5,167 என்று கடைக்காரர் சொல்வார். ஆனால் மாதா மாதம் அசலும் குறைந்துகொண்டே வருகிறதே, வட்டி மட்டும் ஏன் முழு லட்சத்துக்கு? குறையும் அசலுக்குக் கணக்குப் போட்டால் அது உண்மையில் 21.5 சதவீதத்தைத் தொடுகிறது. ஒரு கோடு போட்ட நோட்டில் பேனாவால் எழுதியே இதைக் காட்டுகிறார். நானும் உட்கார்ந்து போட்டுப் பார்த்தேன், சரியாக வந்தது.

தப்பும் உண்டு. வங்கி திவாலானால் "ஒவ்வொரு கணக்குக்கும் 5 லட்சம் வரை காப்பீடு" என்றார். அப்படி இல்லை. ஒரே வங்கியில் ஒருவர் பெயரில் எத்தனை கணக்கு, எத்தனை கிளை இருந்தாலும் எல்லாம் சேர்த்து, அசலும் வட்டியுமாக, 5 லட்சம்தான். 2020 பிப்ரவரியிலிருந்து இதுதான் வரம்பு. ஓய்வுப் பணத்தை ஒரே வங்கியில் நாலு டெபாசிட்டாகப் பிரித்து வைத்துவிட்டு நிம்மதியாக இருப்பவர்களுக்கு இது சின்னத் தப்பு இல்லை. நான் எழுதிக் கேட்டதும் இரண்டே நாளில் திருத்தத்தைக் கமெண்டின் மேலே பின் செய்தார். அதற்காக அவர் மேல் மரியாதை கூடியது.

பேச்சு நன்றாக இருக்கிறது. நம் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பேசுகிற மாதிரி. ஆனால் முகப்புப் படத்தில் "உங்கள் பணம் போச்சு!" என்று சிவப்பில் போடுவதை நிறுத்த வேண்டும். பத்து நிமிஷத்தில் முடிகிறதை இருபத்திரண்டுக்கு இழுக்கவும் செய்கிறார்.

அப்புறம், நான் இதை எழுத உட்கார்ந்ததற்கே காரணமான விஷயம். தங்கச் சேமிப்பு எபிசோடில் சேதாரம், செய்கூலி எல்லாவற்றையும் அழகாக விளக்கிவிட்டு, ஏழாவது நிமிஷத்தில் "நான் தனிப்பட்ட முறையில் பயன்படுத்துவது இதுதான்" என்று ஒரு டிஜிட்டல் தங்க ஆப்பைக் காட்டுகிறார். விளம்பரம் என்று வாயால் சொல்லவில்லை, திரையிலும் இல்லை. வீடியோவுக்குக் கீழே "மேலும்" என்பதைத் தட்டி, கடைசி வரி வரை இறங்கினால் அவர் பெயரில் ஒரு ரெஃபரல் கோடு இருக்கிறது. அதே ஆப் இன்னும் மூன்று எபிசோடில் வருகிறது. வேறு இரண்டு எபிசோடில் வேறு பொருளுக்கு "பணம் பெற்ற விளம்பரம்" என்ற யூடியூப் லேபிள் ஒழுங்காக வருகிறது. அப்படியானால் விதி அவருக்குத் தெரியும்.

விளம்பரத் தர கவுன்சிலான ஆஸ்கி 2021லேயே இதைச் சொல்லிவிட்டது: "மேலும்" தட்டித்தான் பார்க்க வேண்டிய இடத்தில் அறிவிப்பை ஒளிக்கக் கூடாது, நீளமான வீடியோவில் பொருளைப் பற்றிப் பேசும் நேரம் முழுக்க லேபிள் தெரிய வேண்டும். 2023 ஜனவரியில் மத்திய அரசின் நுகர்வோர் துறையும் வழிகாட்டுதல் வெளியிட்டது.

அவர் சொல்லாமல் விட்டதையும் சேர்த்துச் சொல்கிறேன். டிஜிட்டல் தங்கம் வாங்கும்போதே 3 சதவீதம் ஜிஎஸ்டி போகும். விற்கும் விலை வாங்கும் விலையைவிடக் குறைவு. நான் 1,000 ரூபாய்க்கு வாங்கிவிட்டு உடனே விற்கும் விலையைப் பார்த்தேன்: 940 சொச்சம். இது தன் கண்காணிப்பில் வராது, முதலீட்டாளர் பாதுகாப்பு கிடைக்காது என்று 2025 நவம்பரில் பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபியே எச்சரித்தது. பங்குச் சந்தையில் வாங்கும் தங்க நிதியான கோல்டு ஈடிஎஃப் செபியின் கண்காணிப்பில் இருக்கிறது. அதைப் பற்றி அந்த எபிசோடில் ஒரு வார்த்தைகூட இல்லை. கடன், வட்டி என்றால் நோட்டை எடுத்துக் கணக்குப் போடுகிறவர், இந்த ஒரு பொருளுக்கு மட்டும் நோட்டைத் திறக்கவே இல்லை. எனக்கு வலித்தது அதுதான்.

ஆகவே கடன், வட்டி, டெபாசிட் பற்றிய எபிசோடுகளை இப்போதும் பாருங்கள். எதை வாங்கச் சொன்னாலும் அங்கேயே நிறுத்திவிட்டு, கீழே கடைசி வரி வரை படியுங்கள்.

மும்தாஜ், என் பேச்சை நம்பி நீ அந்தத் தங்க ஆப்பில் மாதம் 2,000 போட ஆரம்பித்தாய். அடுத்த தவணையை நிறுத்து. போட்டதை அவசரப்பட்டு விற்காதே, ஞாயிறு வீட்டுக்கு வருகிறேன், விலையைப் பார்த்து இரண்டு பேருமாக முடிவு செய்வோம். அந்த நாலு எபிசோடையும் குறிப்பிட்டு அவருக்கு நேற்று மெயில் அனுப்பியிருக்கிறேன். பதில் வந்தால் அப்படியே இங்கே போடுகிறேன்.