செவ்வாய் முதல் வியாழன் வரை டாக்டர் இல்லை: வேறு நாள் சொல்லுங்கள்

எல்லாருக்கும் வணக்கம். கோத்தகிரி கிளினிக்கிலிருந்து டாக்டரம்மாதான் எழுதுகிறேன். நாளை செவ்வாய் (நவம்பர் 11), புதன், வியாழன் மூன்று நாளும் நான் இருக்க மாட்டேன். இந்த மூன்று நாளுக்கு டோக்கன் போட்டவர்களுக்கு மட்டும்தான் இந்தச் செய்தி. கீழ்க்கோத்தகிரி, சோலூர்மட்டம் பக்கமிருந்து வருபவர்கள் விடிகாலையிலேயே பஸ் ஏறிவிடுவீர்கள், மழை வேறு விடவில்லை, அதனால்தான் ராத்திரி என்று பார்க்காமல் இப்போதே அனுப்புகிறேன்.

இன்று சாயங்காலம் ஈரோட்டில் என் அம்மாவுக்கு பக்கவாதம் வந்துவிட்டது. காபி டம்ளர் கையிலிருந்து நழுவியிருக்கிறது, வாய் ஒரு பக்கம் கோணியிருக்கிறது, அண்ணி அதைப் பார்த்ததும் கஷாயம், சூடு ஒத்தடம் என்று எதிலும் நேரம் போக்காமல் நேரே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்விட்டார். ரத்தக்கட்டைக் கரைக்கும் ஊசி போட்டு ஐசியூவில் வைத்திருக்கிறார்கள். நான் இப்போது மேட்டுப்பாளையம் வழியாகக் கீழே இறங்கிக்கொண்டிருக்கிறேன், வண்டி ஓட்டுவது தம்பி, பயப்பட வேண்டாம்.

சரி, உங்கள் விஷயம். நான்கு வழி இருக்கிறது, எது தோதோ அந்த எண்ணை மட்டும் இந்த வாட்ஸ்அப்பிலேயே பதிலாக அனுப்புங்கள்.

1 என்று அனுப்பினால் சனிக்கிழமை (15), காலை 9.30 முதல் 1 மணிக்குள் உங்களுக்கு ஒரு நேரம். வழக்கமான சனிக்கிழமைக் கூட்டமும் இருக்கும், கொஞ்சம் உட்கார வேண்டியிருக்கும் என்பதை முன்னாலேயே சொல்லிவிடுகிறேன்.

2 என்றால் ஞாயிறு (16), 10 மணி முதல் 1 மணி வரை. ஞாயிற்றுக்கிழமை நான் கிளினிக் திறப்பதில்லை, இந்த ஒரு வாரம் மட்டும் திறக்கிறேன். கொழுந்து பறிக்கப் போகிறவர்கள், பேக்டரி வேலைக்காரர்கள் எல்லாம் சம்பளம் போகாமல் வர அதுதான் வசதி, முடிந்தால் மற்றவர்கள் அவர்களுக்கு விட்டுக்கொடுங்கள்.

3 என்றால் நான் திரும்பும்வரை காத்திருக்க வேண்டாம். வியாழன் காலை 10 முதல் 1 வரை குன்னூரிலிருந்து என் கூடப் படித்த டாக்டர் ஒருவர் நம் கிளினிக்குக்கே வருகிறார். உங்கள் பைல் அவரிடம் இருக்கும். 12 பேரைத்தான் அவரால் பார்க்க முடியும், காய்ச்சல், இருமல், புண் ஆறாத சர்க்கரைக்காரர்களுக்கு முதலிடம்.

4 என்றால் புதன் மாலை 6 முதல் 8 வரை நானே போன் செய்வேன். ரிப்போர்ட் காட்ட, மாத்திரைச் சீட்டைப் புதுப்பிக்க மட்டும்தான் இது. ரிப்போர்ட்டைப் படம் எடுத்து முன்னாலேயே அனுப்பிவிடுங்கள், கை ஆடி எடுத்த மங்கல் படம் வேண்டாம், எழுத்து தெரிய வேண்டும். ஆஸ்பத்திரியில் இருப்பேன், பத்து நிமிடம் முன்னே பின்னே ஆகலாம்.

முன்பணம் 200 ரூபாய் கட்டியவர்களுக்கு அது அப்படியே புதுத் தேதிக்குச் சேர்ந்துவிடும். வேண்டாம் என்றால் ‘திருப்பு’ என்று எழுதுங்கள், சிஸ்டர் ஜிபே பண்ணிவிடுவார்.

வெறும் வயிற்றில் ரத்தம் கொடுக்க வரச் சொன்னவர்கள் வழக்கம்போல 7 மணிக்கு வரலாம், லேப் திறந்திருக்கும். ரத்தம் கொடுத்ததும் சாப்பிடுங்கள், நான் வரவில்லையே என்று பட்டினி கிடக்க வேண்டாம். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிட்டு ஐஎன்ஆர் பார்க்கிறவர்கள் இந்த வாரப் பரிசோதனையைக் கண்டிப்பாகத் தள்ளிப்போடாதீர்கள், முடிவை சிஸ்டர் எனக்கு உடனே அனுப்பிவிடுவார்.

பிரஷர் மாத்திரை, சர்க்கரை மாத்திரை, இன்சுலின் எதையும் நான் இல்லை என்று நிறுத்தக் கூடாது. மாத்திரை தீரப்போகிறது என்றால் பழைய சீட்டின் படத்தை அனுப்புங்கள், நாளை மதியத்துக்குள் புதுச் சீட்டு வந்துவிடும். போன மாதம் மூன்று பேர் ‘டாக்டரைப் பார்த்துவிட்டு ஆரம்பிக்கலாம்’ என்று ஒரு வாரம் விட்டுவிட்டு 190 பிரஷரோடு வந்தீர்கள். யார் என்று உங்களுக்கே தெரியும்.

நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், வாய் கோணுவது, ஒரு பக்கக் கை கால் தளர்வது, பேச்சு குழறுவது இதில் எதுவானாலும் எனக்கு மெசேஜ் போடாதீர்கள், 108-ஐக் கூப்பிடுங்கள். அம்மாவுக்குப் போட்ட அந்த ஊசி பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டியது. நம் ஊரிலிருந்து மலை இறங்கி கோயம்புத்தூர் போகவே அதில் பாதி போய்விடும்.

வாட்ஸ்அப் இல்லாதவர்களை சிஸ்டர் போனில் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறார், பாதிப் பேருக்கு சிக்னல் கிடைக்கவில்லை. உங்கள் லைன் வீடுகளில் யாராவது நாளைக்கு இங்கே வருவதாகச் சொல்லியிருந்தால் ஒரு குரல் கொடுத்துவிடுங்கள்.

பதிலை நாளை மாலை 5 மணிக்குள் அனுப்புங்கள், எட்டு மணிக்குள் புது டோக்கனும் நேரமும் வரும். பதில் வராதவர்களை அடுத்த திங்கள் (17) மாலை 4 மணிக்கு மேல் போட்டுவிடுகிறோம், அப்புறம் தோதுப்படவில்லை என்றால் மாற்றிக்கொள்ளலாம்.

சிரமத்துக்கு மன்னியுங்கள்.

உங்கள் டாக்டரம்மா
கோத்தகிரி, நவம்பர் 10, இரவு 9.40