கவின் அம்மாவுக்கு, ட்யூஷன் விஷயமா

வணக்கம் கவின் அம்மா. நேத்து நைட்டு நீங்க அனுப்பின மூணு வாய்ஸ் மெசேஜும் கேட்டேன்ங்க. மெஷின் சத்தத்துக்கு நடுவுல பேசியிருந்தீங்க, அதனால ரெண்டு தடவ கேட்டேன். உடனே பதில் போடாததுக்கு மன்னிச்சுக்கோங்க, ரெண்டு வரில "முடியாதுங்க"ன்னு போட்டா மொகத்துல அடிச்ச மாதிரி இருக்கும், அதான் இன்னிக்கு ஞாயித்துக்கிழம நிதானமா உக்காந்து டைப் பண்றேன். பெரிய மெசேஜ்தான், வேலையெல்லாம் முடிச்சுட்டு படிங்க.

மொதல்ல விஷயத்த சொல்லிடறேன். கவினுக்கு நான் தனியா காசு வாங்கிட்டு ட்யூஷன் எடுக்க முடியாதுங்க. மாசம் 1500 குடுக்கறேன்னீங்க, அது பத்தலன்னா 2000 கூட பாத்துக்கலாம்னீங்க. தொகை பிரச்சனையே இல்ல. 200 ரூபான்னாலும் இதே பதில்தான், 5000ன்னாலும் இதே பதில்தான். வீட்டுக்கு வந்து எடுக்க வேண்டாம் டீச்சர், அவன உங்க வீட்டுக்கே அனுப்பறேன், வெளிய யாருக்கும் தெரியாதுன்னும் சொன்னீங்க. தெரியுமா தெரியாதாங்கறது இல்லீங்க, எனக்குத் தெரியுமே.

சட்டத்துலயே இருக்குங்க. 2009ல வந்த கல்வி உரிமைச் சட்டத்துல 28வது பிரிவு, எந்த ஆசிரியரும் தனியா ட்யூஷன் எடுக்கக் கூடாதுன்னு நேரடியாவே சொல்லுது. வேற ஊர்ல ஒரு சார் எடுக்கறாரேன்னு கேட்டீங்க, அவரு எடுக்கறது அவரோட விஷயம். ஆனா சட்டம் மட்டும்தான் காரணம்னு உங்ககிட்ட சொன்னா அது பாதி உண்மதான். சட்டமே இல்லன்னாலும் நான் இதத்தான் சொல்லியிருப்பேன்.

ஏன்னா பாருங்க, எட்டாவதுல கவினோட சேத்து 38 பிள்ளைங்க. கணக்குல தடுமாறறது கவின் மட்டும் இல்ல, ஏழெட்டுப் பேர் இருக்காங்க, அதுல ரெண்டு பேருக்கு அம்மா அப்பா ஊர்லயே இல்ல, பாட்டிகிட்ட இருக்குதுங்க. அவங்களுக்கு 1500 ரூபாயும் இல்ல, எனக்கு மெசேஜ் போட ஆளும் இல்ல. கிளாஸ்ல கேள்வித்தாள் போடறது நான், திருத்தறதும் நான். சாயங்காலம் கவின்கிட்ட காசு வாங்கிட்டு காலைல அவன் பேப்பர நான் திருத்தினா, அரை மார்க் குடுக்கறதா வேண்டாமான்னு வர்ற இடத்துல என் பேனா ஒரு நொடி நிக்குமில்லீங்களா, அந்த ஒரு நொடிதான் எனக்கு வேண்டாம்ங்கறேன். அப்புறம் இன்னொண்ணு, கிளாஸ்ல அவசரமா ஓட்டிட்டு மிச்சத்த சாயங்காலம் பாத்துக்கலாம்னு மனசு பழகிடும். நல்லவங்களுக்கே அப்படித்தான் ஆகுது, நான் பாத்திருக்கேன்.

சரி, இப்ப முக்கியமான விஷயத்துக்கு வர்றேன். உங்க மெசேஜ் கேட்டதும் கவினோட காலாண்டு பேப்பரையும் நோட்டையும் எடுத்து வெச்சு பாத்தேன். 31 மார்க்னு பாத்தா ஒண்ணுமே தெரியாத பையன் மாதிரி இருக்கு, ஆனா அப்படி இல்லீங்க. அவன் தப்பு பண்றது ரெண்டே எடத்துலதான், அந்த ரெண்டு எடமும் எல்லா கணக்குலயும் வர்றதால எல்லாமே தப்பா போகுது. ஒரு கணக்கு சொல்றேன் பாருங்க,

5(x − 3) = 2x + 6

இதுக்கு அவன் அடுத்த வரில 5x − 3 = 2x + 6ன்னு எழுதிட்டான். வெளிய இருக்கற 5 உள்ள இருக்கற ரெண்டு பேருக்கும் போகணும், இவன் மொத ஆளுக்கு மட்டும் குடுத்துட்டு 3ஐ விட்டுட்டான். பந்தில மொத இலைக்கு மட்டும் ஜிலேபி வெச்சுட்டு அடுத்த இலைய தாண்டிப் போன மாதிரி. அதுக்கப்புறம் அவன் போட்டது எல்லாம் அழகா சரியா இருக்குங்க, 3x = 9, x = 3. நெஜமான விடை 7. அவன் 3ஐ மறுபடியும் கணக்குல போட்டுப் பாத்திருந்தா ஒரு பக்கம் 0, இன்னொரு பக்கம் 12 வந்திருக்கும், அப்பவே தெரிஞ்சிருக்கும் தப்புன்னு. போட்டுப் பாக்கற பழக்கம் இல்ல. அதுக்கு ட்யூஷன் தேவையில்ல, அரை நிமிஷம் பொறும இருந்தா போதும்.

ரெண்டாவது எடம் மைனஸ். −7 − 5 எவ்வளவுடான்னு கேட்டா 12ங்கறான், ஏன்டான்னா "மைனஸும் மைனஸும் ப்ளஸ் மிஸ்"ங்கறான். அது பெருக்கறதுக்கு உள்ள விதி, இவன் எல்லா எடத்துக்கும் எடுத்துட்டுப் போறான். இத நீங்களே சொல்லிக் குடுக்கலாம்ங்க, நெஜமாத்தான் சொல்றேன். மளிகைக் கடைல ஏற்கனவே 7 ரூபா கடன், இன்னிக்கு இன்னும் 5 ரூபாய்க்கு கடன் வாங்கிட்டு வந்தா மொத்தம் கடன் 12ஆ, இல்ல கைல 12 ரூபா இருக்குமா? நான் ஆறாவதுதான் படிச்சேன், எனக்கு என்ன தெரியும்னு மெசேஜ்ல சொன்னீங்க. பீஸ் ரேட்டுக்கு எத்தன டஜன் தைச்சோம், அட்வான்ஸ் எவ்வளவு புடிச்சாங்க, சனிக்கிழம கைக்கு எவ்வளவு வரணும்னு பேப்பர் இல்லாம போடறவங்க நீங்க. சோறு போடும்போது ரெண்டு கேள்வி கேளுங்க, போதும்.

இன்னொரு விஷயம், இத நான் முன்னாடியே கவனிச்சிருக்கணும், என் தப்புதான். நோட்ட பாத்தப்போ போர்டுல நான் −8னு எழுதினத அவன் நோட்டுல 8னு எழுதியிருக்கான். ஒரு எடத்துல இல்ல, ஒரே பக்கத்துல நாலு எடம். 3ஐ 8ன்னும் எழுதியிருக்கான். மொதல்ல கவனக்குறைவுன்னுதான் நெனச்சேன், அப்புறம் வெள்ளிக்கிழம கிளாஸ்ல அவனப் பாத்தது ஞாபகம் வந்துச்சு, உயரமா இருக்கான்னு கடைசி பெஞ்சுல உக்கார வெச்சிருக்கோம், போர்ட பாக்கறப்போ கண்ண சுருக்கிப் பாக்கறான், பக்கத்துப் பையன் நோட்ட எட்டிப் பாக்கறான். காப்பி அடிக்கறான்னு போன மாசம் நான் அவனத் திட்டியிருக்கேன்ங்க, இப்ப நெனச்சா கஷ்டமா இருக்கு. அவனுக்கு போர்டு சரியா தெரியலன்னு தோணுது. நான் டாக்டர் இல்ல, ஆனா ட்யூஷனுக்கு முன்னாடி கண்ணு டெஸ்ட் பண்ணுங்க, அரசு ஆஸ்பத்திரில காசில்லாம பாப்பாங்க. உங்களுக்கு லீவு கிடைக்கலன்னா சொல்லுங்க, ஸ்கூல்ல கண்ணு பாக்க வர்றப்போ மொத ஆளா அவன காட்டறேன், பவர் இருந்தா கண்ணாடியும் இலவசமாவே குடுப்பாங்க. நாளையிலருந்து ரெண்டாவது பெஞ்சுல சுவரோரமா உக்கார வெக்கறேன், பின்னாடி இருக்கறவனுக்கு மறைக்காது. அவன்கிட்ட கண்ணாடின்னு பேச்செடுக்கும்போது கொஞ்சம் பாத்து எடுங்க, இந்த வயசுல பசங்க கிண்டல் பண்ணுவாங்களேன்னு சொல்லாம மறைப்பாங்க.

என்னால என்ன முடியும்னு சொல்றேன். செவ்வாயும் வியாழனும் நான் 8.35 பஸ்ல வந்துடறேன், 8.45க்கு ஸ்கூல்ல இருப்பேன். ப்ரேயருக்கு முன்னாடி அர மணி நேரம் கெடைக்கும். கவின அனுப்புங்க. அவன மட்டும் இல்ல, நான் சொன்ன அந்த ஏழெட்டுப் பேரையும் வரச் சொல்லப்போறேன், ஹெச்எம்கிட்ட சொல்லிட்டுத்தான் செய்வேன். காசு ஒண்ணும் கெடையாது. அடைப்புக்குறியும் மைனஸும் மட்டும்தான் மொத மூணு வாரம், வேற எதுவும் தொட மாட்டேன், அது சரியானா காரணிப்படுத்துதல் தானா வரும். மத்த நாள்ல மத்தியானம் சாப்பிட்டுட்டு சந்தேகம் கேக்க வரலாம், இதுவரைக்கும் ஒரு தடவ கூட அவன் வந்ததில்ல, வெக்கப்படறான்.

இதுக்கு மேலயும் ட்யூஷன் வெச்சே ஆகணும்னு உங்களுக்குத் தோணுச்சுன்னா வெளிய தாராளமா வெச்சுக்கோங்க, நான் ஒண்ணும் நெனச்சுக்க மாட்டேன். ஆனா யார்கிட்டன்னு என்னக் கேக்காதீங்க, நான் ஒரு பேர் சொன்னா நாளைக்கு டீச்சர் கமிஷன் வாங்கறாங்கன்னு பேச்சு வரும். யார்கிட்ட போனாலும் இந்த ரெண்டு எடத்த மட்டும் பாக்கச் சொல்லுங்க, புத்தகத்த மொதல்லருந்து ஆரம்பிக்க வேண்டாம்.

நீங்க கேக்கல, ஆனா சொல்லணும்னு தோணுது. எட்டாவது படிக்கற அரசுப் பள்ளிப் பிள்ளைங்க எழுதற என்எம்எம்எஸ் தேர்வு இருக்குங்க, அதுல தேர்வானா ஒன்பதாவதுலருந்து பன்னண்டாவது வரைக்கும் வருஷம் 12,000 ரூபா பேங்க் கணக்குக்கே வரும். குடும்ப வருமானம் வருஷத்துக்கு மூணரை லட்சத்துக்குள்ள இருக்கணும், ஏழாவதுல 55 சதவீதம் எடுத்திருக்கணும், கவின் எடுத்திருக்கான், ரெஜிஸ்டர்ல பாத்துட்டேன். அதுல பாடத்துக்குன்னு வர்ற 90 கேள்வில கணக்கு 20தான், அறிவியல் 35, சமூக அறிவியல் 35. மத்த 90 கேள்வி யோசிக்கற மாதிரி, வரிசைல அடுத்த எண் என்ன, எந்தப் படம் பொருந்தாதுன்னு. அந்த மாதிரி புதிர்ல கவின் கெட்டிங்க, போன வாரம் கிளாஸ்ல எல்லாருக்கும் முன்னாடி அவன்தான் சொன்னான். ஜாதிச் சான்று, வருமானச் சான்று ரெண்டும் இப்பவே இ-சேவைல எழுதிப் போட்டு வையுங்க, கடைசி நேரத்துல ஓடினா சர்வர் வேல செய்யாது.

கடைசியா அந்த கவர். வெள்ளிக்கிழம கவின் "அம்மா குடுக்கச் சொன்னாங்க மிஸ்"னு குடுத்தான், ஏதோ லீவ் லெட்டர்னு நெனச்சு வாங்கி பைல வெச்சுட்டேன், வீட்டுக்கு வந்து பிரிச்சாத்தான் மூணு ஐநூறு ரூபா நோட்டு இருக்கு. அப்படியே ஒட்டி பத்திரமா வெச்சிருக்கேன். பையன் கைல திருப்பி அனுப்ப மனசு வரல, பஸ்ல தொலைச்சான்னா அவனுக்குத்தான் திட்டு விழும், தவிர நான் வேண்டாம்னு சொன்னது அவனுக்குத் தெரியாம இருக்கட்டும், தனக்கு எடுக்க மிஸ்ஸுக்கு இஷ்டமில்லன்னு நெனச்சுப்பான். இந்த வாரம் எந்த நாள் ஷிஃப்ட் முடிஞ்சு வர முடியுமோ சொல்லுங்க, அஞ்சரை வரைக்கும் நான் ஸ்டாப்புல நிப்பேன், நேர்லயே குடுத்துடறேன். கூட வந்த முருங்கக்காய சாம்பார் வெச்சாச்சு, அத திருப்பிக் கேட்டா தர மாட்டேன். ஆனா இனிமே அதுவும் வேண்டாம்ங்க.

மனசு சங்கடப்பட்டிருந்தா தப்பா எடுத்துக்காதீங்க. உங்க புள்ள என் கிளாஸ்ல இருக்கான், அவனுக்கு நான் சொல்லிக் குடுக்கறதுக்கு மாசாமாசம் சம்பளம் வாங்கிட்டுத்தான் இருக்கேன். செவ்வாய்க்கிழம 8.45க்கு அனுப்பி வையுங்க, பெரிய நோட்டு வேண்டாம், ரஃப் நோட்டு போதும். காலைல சாப்பிட்டுட்டு வரச் சொல்லுங்க.