சிறு செயலிகளுக்கான புஷ் நோட்டிஃபிகேஷன்: திட்டங்களும் கட்டணமும்

ஒரு செயலிக்கு எவ்வளவு ஆகும் என்பதை இரண்டே எண்கள் முடிவு செய்கின்றன: எத்தனை சந்தாதாரர்கள், மாதம் எத்தனை செய்திகள். இரண்டையும் எப்படி எண்ணுகிறோம் என்பதைக் கீழே முழுதாக எழுதியிருக்கிறோம். படித்து முடித்தபின் உங்கள் பில்லை நீங்களே போட்டுப் பார்க்க முடிய வேண்டும் என்பதுதான் எங்கள் எண்ணம்.

| திட்டம் | சந்தாதாரர்கள் | மாதச் செய்திகள் | மாதக் கட்டணம் |
|---|---|---|---|
| தொடக்கம் | 1,000 வரை | 10,000 | இலவசம் |
| சிறியது | 5,000 வரை | 75,000 | 9 டாலர் |
| நடுத்தரம் | 20,000 வரை | 4 லட்சம் | 29 டாலர் |
| பெரியது | 50,000 வரை | 12 லட்சம் | 69 டாலர் |

கூடுதல் செய்திகள் 1,000-க்கு 0.15 டாலர். ஆண்டுக்கு மொத்தமாகக் கட்டினால் பத்து மாதக் கட்டணம் போதும். உங்கள் நாட்டு வரி இதில் சேராது. இலவசத் திட்டத்துக்குக் கார்டு எண் கேட்க மாட்டோம். அதில் கூடுதல் செய்தி வாங்க முடியாது, 10,000 முடிந்ததும் அனுப்புவது அடுத்த மாதம் வரை நின்றுவிடும்.

யார் சந்தாதாரர்?

செயலியை இறக்கியவர் எல்லாம் சந்தாதாரர் அல்லர். ஐஃபோனில் நோட்டிஃபிகேஷனுக்கு எப்போதுமே பயனரின் அனுமதி வேண்டும். 2022-இல் வந்த ஆண்ட்ராய்டு 13 முதல் அங்கேயும் கேட்டுத்தான் பெற வேண்டும். அதனால் 10,000 பேர் இறக்கிய செயலிக்கு 10,000 சந்தாதாரர்கள் இருப்பார்கள் என்று நினைத்துப் பெரிய திட்டத்தை வாங்கிவிடாதீர்கள். முதலில் இலவசத்தில் சேருங்கள், டாஷ்போர்டு காட்டும் எண்ணைப் பாருங்கள், அப்புறம் முடிவு செய்யலாம்.

நாங்கள் எண்ணுவது உயிரோடு இருக்கும் டோக்கன்களை, அதாவது ஒரு சாதனத்தில் உள்ள செயலிக்குச் செய்தி போய்ச் சேர உதவும் முகவரிகளை. ஒரே ஆள் ஃபோனிலும் டேப்லெட்டிலும் செயலியை வைத்திருந்தால் இரண்டாகத்தான் கணக்கு வரும். சாதனத்துக்கு ஒரு டோக்கன் என்பதால் இதை மாற்ற வழியில்லை. செயலியை நீக்கியவரின் டோக்கனுக்கு அனுப்பும்போது கூகுளின் நோட்டிஃபிகேஷன் சேவையான எஃப்.சி.எம். `UNREGISTERED` என்று திருப்பிச் சொல்லும், ஆப்பிளின் சேவையான ஏ.பி.என்.எஸ். 410 என்ற பதிலைத் தரும். அந்தப் பதில் வந்த உடனேயே டோக்கனைக் கணக்கிலிருந்து எடுத்துவிடுகிறோம். ஆண்ட்ராய்டில் 270 நாள் தொடர்பே இல்லாத டோக்கனை எஃப்.சி.எம். தானே காலாவதி ஆக்கிவிடும், அதுவும் போய்விடும்.

இன்னொரு வகை இருக்கிறது. செயலியை வைத்திருப்பார், ஆனால் அமைப்புகளுக்குப் போய் நோட்டிஃபிகேஷனை அணைத்திருப்பார். அவருடைய டோக்கன் செல்லும், அனுப்பினால் ஏற்றுக்கொள்ளப்படும், திரையில் மட்டும் எதுவும் வராது. இவருக்காக உங்களிடம் பணம் வாங்குவது நியாயமில்லை. எங்கள் எஸ்.டி.கே. செயலி திறக்கும்போதெல்லாம் அனுமதி நிலையைப் பார்த்துச் சொல்வதால், அணைத்தவர்கள் எண்ணிக்கையில் வர மாட்டார்கள். திரும்பத் திறந்துவிட்டால் மீண்டும் சேர்வார்கள்.

மாதத்தின் கடைசி நாள் உள்ள எண்ணிக்கைதான் பில்லுக்கு. நடுவில் ஒரு நாள் திடீரென்று ஏறி இறங்கியது கணக்கில் வராது. வரம்பை 10 சதவீதம் வரை தாண்டினால் ஒன்றும் செய்ய மாட்டோம். அதற்கு மேலும் தொடர்ந்து இரண்டு மாதம் போனால் முன்கூட்டியே எழுதிச் சொல்லிவிட்டு அடுத்த திட்டத்துக்கு மாற்றுவோம்.

எது ஒரு செய்தி?

ஒரு சாதனத்துக்குப் போகும் ஒரு நோட்டிஃபிகேஷன் ஒரு செய்தி. 4,200 பேருக்கு ஒரு அறிவிப்பு அனுப்பினால் 4,200 செய்திகள். எஃப்.சி.எம். அல்லது ஏ.பி.என்.எஸ். ஏற்றுக்கொண்ட பிறகே எண்ணுகிறோம். நெட்வொர்க் தடுமாறி நாங்கள் மறுபடி முயன்றால் அது எங்கள் செலவு. செத்த டோக்கனுக்குப் போனதும் எண்ணப்படாது. சோதனைக்கு நீங்கள் பதிவு செய்யும் 5 சாதனங்களுக்கு எத்தனை அனுப்பினாலும் கணக்கில்லை. திரையில் தெரியாமல் பின்னணியில் தரவை மட்டும் கொண்டுபோகும் செய்தி எண்ணப்படும். இதைக் கவனியுங்கள்: மணிக்கொரு முறை எல்லோருக்கும் பின்னணிச் செய்தி அனுப்பும் செயலி எந்தத் திட்டத்தையும் சில நாளில் காலி செய்துவிடும்.

நீளத்துக்குத் தனிக் கட்டணம் கிடையாது. பொதுவான உச்ச வரம்பு 4,096 பைட். தமிழ் எழுத்து ஒவ்வொன்றும் 3 பைட், ‘கி’ போன்ற உயிர்மெய் 6 பைட் பிடிக்கும் என்றாலும் ஒரு நோட்டிஃபிகேஷனுக்கு அது தாராளம்.

சாதனம் அணைந்திருந்தால் எஃப்.சி.எம். செய்தியை நான்கு வாரம் வரை வைத்திருக்கும். இன்று மாலைக்கு மட்டும் பொருந்தும் செய்தி என்றால் காலாவதி நேரத்தைக் கட்டாயம் குறிப்பிடுங்கள். பத்து நாள் கழித்துப் போய்ச் சேரும் பழைய சேதிதான் பலரை நோட்டிஃபிகேஷனையே அணைக்க வைக்கிறது.

ஒரு கணக்கு

4,200 சந்தாதாரர்கள், தினம் ஒரு செய்தி, 30 நாள்: மொத்தம் 1,26,000. சிறிய திட்டத்தில் 75,000 அடக்கம். மீதி 51,000-க்கு 7.65 டாலர். ஆக 16.65 டாலர். நடுத்தரத் திட்டத்துக்கு மாறினால் 29. மாற வேண்டாம். செய்திகள் மாதம் ஏறத்தாழ 2,08,000-ஐத் தாண்டும்போதுதான் நடுத்தரம் மலிவாகும். அந்தப் புள்ளியைத் தாண்டிவிட்டீர்கள் என்றால் பில்லின் மேலேயே எழுதிக் காட்டுவோம்.

எவ்வளவு போயிருக்கிறது என்பதை எப்போது வேண்டுமானாலும் கேட்கலாம்:

```
GET /v1/usage

{
  "subscribers": 4200,
  "messages_sent": 61300,
  "messages_included": 75000
}
```

80 சதவீதம் ஆனதும் மின்னஞ்சல் வரும். அதன்பின் என்ன ஆக வேண்டும் என்பதை நீங்கள்தான் தீர்மானிக்கிறீர்கள். எதுவும் தேர்ந்தெடுக்காவிட்டால் அடக்கமான செய்திகள் முடிந்ததும் அனுப்புவது நின்றுவிடும். கேட்காமல் கூடுதல் பில் வராது. ‘தொடர்’ என்று வைத்தால், கூடுதல் செலவு எத்தனை டாலர் வரை போகலாம் என்ற உச்சத்தையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். ஆர்டர் நிலை, சந்திப்பு நினைவூட்டல் போன்றவற்றை ‘அவசியம்’ என்று குறித்துவைத்தால், விளம்பரச் செய்திகள் நின்ற பிறகும் அந்த உச்சம் வரை இவை மட்டும் போகும்படி அமைக்கலாம். சரியாக அமைக்க ஐந்து நிமிடம் ஒதுக்குங்கள் என்று ஒவ்வொரு வாடிக்கையாளரிடமும் சொல்கிறோம்.

இந்தச் சேவை உங்களுக்கு வேண்டுமா?

எஃப்.சி.எம். வழியாக அனுப்ப கூகுள் கட்டணம் வாங்குவதில்லை. ஏ.பி.என்.எஸ்.-க்கும் ஆப்பிள் டெவலப்பர் கணக்கு இருந்தால் போதும், செய்திக்கு இவ்வளவு என்று கிடையாது. எல்லோருக்கும் ஒரே அறிவிப்பை எப்போதாவது அனுப்புவதுதான் உங்கள் தேவை என்றால் எஃப்.சி.எம்.-இன் டாபிக் வசதியே போதும். எங்களுக்குப் பணம் கட்ட வேண்டாம்.

டோக்கன்களைச் சேமித்துச் சுத்தம் செய்வது, பயனரின் உள்ளூர் நேரப்படி அனுப்புவது, மூன்று வாரமாகத் திறக்காதவர்களை மட்டும் பிரிப்பது, தோற்றதை மறுபடி முயல்வது, எந்தச் செய்தியை எத்தனை பேர் தொட்டார்கள் என்று காட்டுவது: இவைதான் எங்கள் வேலை. இந்த வசதிகள் எல்லாத் திட்டங்களிலும் ஒன்றுதான். அளவு மட்டுமே மாறும். இலவசத்தில் அறிக்கைகள் 30 நாள் இருக்கும், மற்றவற்றில் ஓராண்டு.

மாறுவதும் விலகுவதும்

மேலே மாறினால் உடனே நடைமுறைக்கு வரும், மீதி நாட்களுக்கு மட்டும் வித்தியாசத்தைக் கட்டினால் போதும். கீழே மாறுவது அடுத்த மாதம் முதல். ஆண்டுக் கட்டணம் கட்டியவர் முதல் 30 நாளுக்குள் விலகினால் ஒரு மாதத் தொகை போக மீதி திரும்பி வரும். போகும்போது டோக்கன்கள், குறிச்சொற்கள், அனுமதி நிலை எல்லாவற்றையும் சி.எஸ்.வி. கோப்பாக எடுத்துக்கொள்ளலாம். அனுப்பும் சாவிகள் உங்கள் சொந்த ஃபயர்பேஸ், ஆப்பிள் கணக்கில் இருப்பதால் அதே டோக்கன்கள் வேறு எங்கு போனாலும் வேலை செய்யும். கணக்கை மூடிய 30-ஆம் நாள் எங்களிடம் உள்ள பிரதி அழிக்கப்படும்.