மழை விடுமுறைக்கான வாட்ஸ்அப் பாடத்திட்டம்: பத்தாம் வகுப்பு ‘ஆ’ பிரிவு

பெற்றோருக்கும் பிள்ளைகளுக்கும்,

நவம்பர், டிசம்பரில் எத்தனை நாள் பள்ளி நடக்கும், எத்தனை நாள் மழைக்கு விடுவார்கள் என்று யாராலும் சொல்ல முடியாது. போன வருடம் விடுமுறை விட்டபோது நான் பாட வீடியோக்களின் இணைப்புகளை வரிசையாக அனுப்பினேன். அரைமணி நேர வீடியோ ஒன்றிலேயே அப்பாவின் அன்றைய டேட்டா தீர்ந்துபோனதாக ஒரு பையன் பிறகு சொன்னான். தப்பு என்னுடையது. இந்த முறை வீடியோவே கிடையாது.

நம் வகுப்பில் 34 பேர். யார் வீட்டிலும் கணினி இல்லை. 22 வீடுகளில் ஸ்மார்ட்போன் இருக்கிறது, 8 வீடுகளில் பட்டன் போன், 4 வீடுகளில் எதுவும் இல்லை. இருக்கிற போனும் அப்பாவோடு வேலைக்குப் போய்விட்டு இருட்டிய பிறகுதான் வீடு திரும்புகிறது. அதனால் பாடம் இரவு 7.30-க்கு வரும், திங்கள் முதல் வெள்ளி வரை. அன்றே பார்க்க முடியாவிட்டால் மறுநாள் காலையில் பாருங்கள். கரண்ட் இல்லை, சார்ஜ் இல்லை என்றால் அதற்கடுத்த நாள். யார் எப்போது பார்த்தார்கள் என்று நான் கணக்கெடுக்கப் போவதில்லை.

ஒரு நாள் பாடம் என்பது மூன்று நிமிடக் குரல் பதிவு ஒன்று, கரும்பலகைப் படம் ஒன்று, வீட்டுக்கணக்கு இரண்டு. குரல் பதிவு அரை எம்பிக்குள் அடங்கும், படம் அதைவிடக் குறைவு. ஆக ஒரு நாளைக்கு ஒரு எம்பி. ஆறு வாரம் முழுக்க நடத்தினாலும் 30 எம்பியைத் தாண்டாது. முதல் நாள் பாடம் இப்படி இருக்கும்:

“அலகு 6, முக்கோணவியல். புத்தகத்தில் ஏற்றக்கோணம் பகுதியைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள். தெருமுனையில் நிற்கும் பனைமரத்தின் அடியிலிருந்து 24 மீட்டர் தள்ளி நிற்கிறீர்கள். உச்சியைப் பார்க்கும் கோணம் 30°. உங்கள் உயரத்தை விட்டுவிடலாம். எதிர்ப்பக்கம் மரம், அடுத்துள்ள பக்கம் தரை. அப்படியானால் எந்த விகிதம்? பதிவை இங்கே நிறுத்திவிட்டு நோட்டில் படம் போடுங்கள்... போட்டாச்சா? tan 30° = உயரம் / 24. உயரம் 8√3, அதாவது சுமார் 13.86 மீட்டர். இனி பயிற்சி 6.2-இல் முதல் இரண்டு கணக்குகள் உங்களுடையவை.”

புத்தகம் எல்லோரிடமும் இருக்கிறது. அதில் உள்ளதைப் படம் பிடித்து அனுப்பி டேட்டாவை வீணாக்க வேண்டாம், பக்க எண் போதும். செவ்வாய், வியாழன் அறிவியல். வெள்ளிக்கிழமை ஆங்கிலம்: பாடத்திலிருந்து ஒரு பத்தியை வாசித்து ஒரு நிமிடப் பதிவாக ஆசிரியருக்கு அனுப்ப வேண்டும். மீதி இரண்டு நாளும் கணிதம்தான்.

போன் இல்லாதவர்களை விட்டுவிட்டு இந்தத் திட்டம் ஓடாது. தெருவாரியாக நான்கைந்து பேராகப் பிரித்திருக்கிறேன், ஒவ்வொரு குழுவிலும் குறைந்தது இரண்டு ஸ்மார்ட்போன். மழை விட்ட நேரத்தில் கூடிக் கேளுங்கள். பட்டன் போன் வீடுகளுக்குப் பயிற்சி எண்ணும் கணக்கு எண்ணும் எஸ்எம்எஸ்ஸில் வரும். புரியாவிட்டால் எனக்கு மிஸ்டு கால் கொடுங்கள், நான் கூப்பிடுகிறேன். இரவு 9 மணிக்குமேல் வேண்டாம்.

விடைகளை ஆளுக்கு ஒரு படம் எடுத்து அனுப்பாதீர்கள். ஒருவர் நோட்டை மற்றவர் திருத்தி, எல்லோரும் தடுமாறிய ஒரே ஒரு கணக்கை மட்டும் தெருக்குழு ஒன்றுக்கு ஒரு படமாக ஆசிரியருக்கு அனுப்புங்கள். HD என்ற பொத்தானைத் தொட வேண்டாம். எல்லோரும் சரியாகப் போட்டிருந்தால் ‘சரி’ என்று ஒரு வார்த்தை போதும். நோட்டுகளைப் பள்ளி திறந்ததும் நான் பார்ப்பேன்.

போனில் ஒரே ஒரு மாற்றம் செய்ய வேண்டும். வாட்ஸ்அப்பில் இந்த இடத்துக்குப் போங்கள்:

```
Settings > Storage and data > Media auto-download > When using mobile data
```

அங்கே நான்கு பெட்டிகளிலும் உள்ள டிக்கை எடுத்துவிடுங்கள். சொந்தக்காரர் குழுவில் வரும் காலை வணக்கப் படங்களும் கல்யாண வீடியோக்களும் இனித் தானாக இறங்காது. டேட்டா போவது பெரும்பாலும் அதில்தான், பாடத்தில் அல்ல. குரல் பதிவுகள் மட்டும் எப்படியும் தானாக இறங்கிவிடும்.

பெண் பிள்ளைகளின் வீட்டு எண் மற்றவர்களுக்குத் தெரியக்கூடாது என்று இரண்டு அம்மாக்கள் கேட்டார்கள். நியாயம்தான். மாணவிகளுக்குத் தனி வாட்ஸ்அப் குழு, அதை நடத்துவது அறிவியல் டீச்சர். இரண்டு வாட்ஸ்அப் குழுவிலும் ஆசிரியர்கள் மட்டுமே பதிவிட முடியும். சந்தேகங்களும் திருத்தப் படங்களும் ஆசிரியரின் எண்ணுக்குத் தனியாக வரட்டும்.

ஞாயிறு மாலை 5 மணிக்குப் பள்ளி வராந்தாவில் இருப்பேன். அப்பாவோ அம்மாவோ போனோடு வந்தால் அந்த டிக்கை நானே எடுத்துத் தருகிறேன். மழை கொட்டினால் திங்கள் காலை.

வகுப்பாசிரியர்